வாழைப்பழத்துக்கு அடங்காத குரக்களி: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 58 வயதுப் பெண். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூரில் காலையில் இட்லி, இரவில் பரோட்டா என்று கடை நடத்துகிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். நான்கு மாதமாக வாரத்தில் மூன்று, நான்கு இரவுகள் கெண்டைக்கால் குரக்களி. "ராத்திரி ரெண்டு மணிக்குச் சுருட்டிப் புடிச்சிருது சார். காலைத் தரையில ஊன முடியல" என்றார். வயதானவர்களிடம் அன்றாடம் கேட்கும் கதைதான். ஆனால் கடைசி இரண்டு வாரமாகப் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. தேங்காய் துருவும்போது வலக்கை விரல்கள் தானாகக் கூம்பி மடங்கி, சில நிமிடம் பிரிக்க வராமல் நின்றுவிடுகின்றன. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் மதமதப்பு.

என்னிடம் வருமுன் வைத்தியம் நிறையவே நடந்திருந்தது. பக்கத்து வீட்டு யோசனைப்படி தினம் இரண்டு வாழைப்பழம், ஒரு இளநீர். மருந்துக்கடையில் சுண்ணாம்புச் சத்து மாத்திரை. ஒரு கிளினிக்கில் 'நரம்பு ஊசி' ஐந்து. இன்னோர் இடத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்து பொட்டாசியம் 3.1 என்று கண்டுபிடித்து (லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும்), பொட்டாசியம் குளோரைடு சிரப்பை வேளைக்கு 15 மி.லி. வீதம் மூன்று வேளை குடிக்கச் சொல்லியிருந்தார்கள். அதில் தவறு எதுவும் இல்லை. பத்து நாள் ஒழுங்காகக் குடித்துவிட்டு மறுபடி பார்த்தபோது வந்த அளவு 3.2.

அந்த 3.2தான் இந்தக் கதையின் முடிச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். அந்த சிரப்பில் 15 மி.லி.க்கு 20 மில்லிமோல் பொட்டாசியம் இருக்கிறது. நாளுக்கு 60, பத்து நாளில் 600. இரத்த அளவு 3.1 வரை இறங்கியவரின் உடம்பு முழுக்கச் சேர்த்துக் குறைபாடு 200, 300 மில்லிமோல் இருக்கலாம். அதைப்போல் இரண்டு மடங்கு உள்ளே போயும் அளவு நகரவில்லை என்றால், போட்டதெல்லாம் எங்கோ வெளியேறிக்கொண்டிருக்கிறது. வாழைப்பழத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். நடுத்தரமான ஒரு பழத்தில் சுமார் 10 மில்லிமோல்தான், நம் ஊர் சின்னப் பழங்களில் அதைவிடக் குறைவு.

மருந்துப் பையைக் கொட்டச் சொன்னேன்

குரக்களி என்று வருபவரிடம் நான் முதலில் பார்ப்பது காலை அல்ல, மாத்திரைப் பையை. இவர் பையில் மூன்று இருந்தன. இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் 5 மி.கி., ஹைட்ரோகுளோரோதயசைடு 25 மி.கி. மூன்றாவதை அவர் மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. "அது கேஸ் மாத்திரதானே சார்" என்றார். பாண்டோபிரசோல் 40 மி.கி., தினம் காலையில் வெறும் வயிற்றில், ஆறு வருடமாக. முழங்கால் வலிக்கு மாத்திரை எழுதியபோது வயிறு புண்ணாகாமல் இருக்க என்று சேர்த்துக் கொடுத்தது. வலி மாத்திரை மூன்றே மாதத்தில் நின்றுவிட்டது. கேஸ் மாத்திரையை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, பட்டையைக் காட்டினால் கடையில் கிடைத்துக்கொண்டே இருந்தது.

பரிசோதனையில் கால் நாடி நன்றாகத் துடித்தது. தசை பலவீனம் இல்லை, நடக்கும்போது வந்து நின்றால் விடும் வலியும் இல்லை. ஆகவே இரத்தக் குழாய் அடைப்பையும் முதுகுத் தண்டில் நரம்பு நசுங்குவதையும் பின்னுக்குத் தள்ளினேன். பிறகு இரத்த அழுத்தப் பட்டையை மேல்கையில் கட்டி, அவருடைய மேல் அழுத்தத்தைவிட 20 கூடுதலாக ஏற்றி, மூன்று நிமிடம் அப்படியே விட்டேன். இரண்டாவது நிமிடம் முடியும்போது மணிக்கட்டு மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய், மற்ற விரல்கள் நீண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "இதேதான் சார், இதேதான்!" என்றார். இதற்கு ட்ரூசோ குறி என்று பெயர். கால்சியமோ மெக்னீசியமோ இறங்கி, நரம்புகள் சின்னத் தூண்டலுக்கே துடிக்கும் நிலைக்கு வந்துவிட்டன என்று பொருள். வெறும் இரவுக் குரக்களியில் இது வராது.

இசிஜியில் டி அலைகள் தட்டையாக இருந்தன, கியூடி இடைவெளி நீண்டிருந்தது. இதயத் துடிப்பு தடம் மாற வாய்ப்புள்ள நிலை என்பதால் அன்றே வார்டில் சேர்த்தோம்.

இரத்த முடிவுகளில் சோடியம் 132, பொட்டாசியம் 3.1, கால்சியம் 7.8, கிரியாட்டினின் 0.9, சர்க்கரையும் தைராய்டும் சரி. மெக்னீசியம் டெசிலிட்டருக்கு 0.9 மி.கி. சாதாரணமாக 1.7க்கு மேல் இருக்க வேண்டும். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 'எலக்ட்ரோலைட்ஸ்' என்று சீட்டில் எழுதினால் பெரும்பாலான லேப்களில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, சில இடங்களில் பைகார்பனேட் பார்ப்பார்கள். மெக்னீசியம் அதில் வராது. தனியாகப் பெயர் எழுதிக் கேட்டால்தான் பார்ப்பார்கள். இவருக்கு முன்பு எடுத்த மூன்று ரிப்போர்ட்டிலும் அது இல்லாததற்குக் காரணம் அவ்வளவுதான்.

மெக்னீசியம் இல்லாமல் பொட்டாசியம் ஏன் நிற்காது

சிறுநீரகக் குழல்களின் கடைசிப் பகுதியில் பொட்டாசியத்தை வெளியே விடும் நுண்ணிய வாயில்கள் உண்டு. செல்லுக்குள் இருக்கும் மெக்னீசியம் அந்த வாயில்களை உள்பக்கத்திலிருந்து அடைத்தபடி நிற்கும், தேவைக்கு மேல் பொட்டாசியம் போகாமல் பார்த்துக்கொள்ளும். மெக்னீசியம் குறைந்தால் அடைப்பு விலகும், பொட்டாசியம் சிறுநீரில் கொட்டும். இவருடைய ஒரு நாள் சிறுநீரைச் சேர்த்து அளந்தபோது அதில் 96 மில்லிமோல் பொட்டாசியம் இருந்தது. இரத்தத்தில் இவ்வளவு குறைந்திருக்கும்போது ஒழுங்கான சிறுநீரகம் 25க்கும் கீழே இறுக்கிப் பிடித்திருக்கும். உப்பையும் நீரையும் வெளியேற்றும் தயசைடு மாத்திரை வேறு அதே திசையில் தள்ளிக்கொண்டிருந்தது.

கால்சியம் இறங்கியதற்கும் வேர் அதுதான். கால்சியத்தைத் தூக்கி நிறுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் சுரக்க மெக்னீசியம் வேண்டும், அது வேலை செய்யவும் வேண்டும். மெக்னீசியம் 1க்குக் கீழே போனால் அந்தச் சுரப்பி முடங்கிவிடும். அதனால்தான் சுண்ணாம்பு மாத்திரையும் பலன் தரவில்லை. கையில் வந்த இழுப்பு, காலில் வந்த குரக்களி, ஏறாத பொட்டாசியம், ஏறாத கால்சியம் நான்குக்கும் ஒரே குறைபாடு.

அடுத்த கேள்வி, மெக்னீசியம் எந்த வழியாகப் போகிறது? குடலில் உறிஞ்சப்படவில்லையா, சிறுநீரில் போகிறதா? இதைப் பிரித்துப் பார்க்க ஒரே நேரத்தில் எடுத்த இரத்தமும் சிறுநீரும் போதும். சிறுநீரகம் வடிகட்டும் மெக்னீசியத்தில் எத்தனை சதவீதம் சிறுநீரில் தப்புகிறது என்று கணக்கிடலாம். இரத்தத்தில் குறைந்திருக்கும் நிலையில் அது 4 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சிறுநீரகம் ஒழுகுகிறது. 2க்குக் கீழே இருந்தால் சிறுநீரகம் கிடைத்ததைச் சேமிக்கிறது, குடல்தான் உள்ளே விடவில்லை. இவருக்குச் சிறுநீரில் மெக்னீசியம் 0.6, கிரியாட்டினின் 60. கணக்கு 1.4 சதவீதத்துக்கு வந்தது. வயிற்றுப்போக்கு கிடையாது, மது கிடையாது. மீதி நின்றது பாண்டோபிரசோல்.

இந்த வகை அமிலத்தடுப்பு மாத்திரைகளால் மெக்னீசியம் இறங்கும் என்பது முதன்முதலில் 2006இல் மருத்துவ இதழில் பதிவானது. 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையே வெளியிட்டது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்குத்தான் வருகிறது. அந்த எச்சரிக்கையில் இன்னொன்றும் இருந்தது. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மெக்னீசியம் கொடுத்தும் அளவு ஏறவில்லை, மாத்திரையை நிறுத்தியே ஆக வேண்டியிருந்தது. குடல் சுவரில் மெக்னீசியத்தை உள்ளே இழுக்கும் தனி வாயில்கள் இந்த மாத்திரையால் சரியாகத் திறப்பதில்லை என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். சாப்பிடும் எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனவர்களுக்கு உணவால் ஈடுகட்ட முடியாது. கேழ்வரகு, எள், நிலக்கடலை, கீரை எல்லாம் மெக்னீசியம் நிறைந்தவை, இவர் வீட்டில் கேழ்வரகுக் கூழ் வாரம் மூன்று நாள் உண்டு. தட்டில் குறை இல்லை, உறிஞ்சும் இடத்தில்தான் குறை.

என்ன செய்தோம்

சிறுநீரகம் நன்றாக இருப்பதை உறுதி செய்துகொண்டு மெக்னீசியம் சல்பேட் 2 கிராமை சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றினோம். பிறகு 4 கிராமை 12 மணி நேரத்துக்கு மெல்ல. அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் பாதிக்கு மேல் சிறுநீரிலேயே போய்விடும். அளவு மிஞ்சினால் மூட்டு அனிச்சை மங்கும், மூச்சும் தளரும், ஆகவே செவிலியர் நேரத்துக்கு நேரம் முழங்காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் 4 கிராம். பொட்டாசியம் சிரப்பைப் பழைய அளவில் பாதியாகக் குறைத்தோம். மூன்றாம் நாள் மெக்னீசியம் 1.9, பொட்டாசியம் 3.9. கால்சியத்தை ஊசியாக ஏற்றவே இல்லை, அது தானாக 8.7க்கு வந்தது. கை மடங்குவது முதல் இரவோடு நின்றது.

பாண்டோபிரசோலை நிறுத்தினோம். ஆறு வருடம் சாப்பிட்டதைத் திடீரென்று விட்டால் இரண்டு, மூன்று வாரம் நெஞ்செரிச்சல் கூடும். அதைப் பார்த்துப் பயந்துதான் பலர் மறுபடி அதையே வாங்குகிறார்கள். இவருக்கு இடைக்காலத்துக்கு இரவில் ஃபமோடிடின் 20 மி.கி. கொடுத்தோம், அது வேறு வகை, மெக்னீசியத்தைத் தொடுவதில்லை. தயசைடையும் எடுத்துவிட்டு, பொட்டாசியம் நிலைத்த பிறகு டெல்மிசார்டான் 40 மி.கி. போட்டோம். டெல்மிசார்டான் பொட்டாசியத்தை உடம்பில் பிடித்து வைக்கும் குணமுடையது. ஆகவே வீட்டுக்குப் போகும்போது சிரப்பை முழுதாக நிறுத்தச் சொன்னேன், தினசரி வாழைப்பழ வைத்தியத்தையும்தான். மெக்னீசியம் ஆக்ஸைடு 400 மி.கி. மாத்திரை இரண்டு வாரம் கொடுத்தேன். அதில் உண்மையான மெக்னீசியம் சுமார் 240 மி.கி.தான், கூடுதலாகக் கொடுத்தால் வயிறு கழியும்.

ஒரு மாதம் கழித்து, சத்து மாத்திரைகள் எதுவும் இல்லாமல், மெக்னீசியம் 2.0, பொட்டாசியம் 4.3, சோடியம் 138. இசிஜி சரியாகிவிட்டது.

சோடியம் 132ஆக இருந்ததை நான் தனியாக வைத்தியம் பண்ணவில்லை. தயசைடு, கொதிப்புக்குப் பயந்து குறைத்த உப்பு, அடுப்படியில் குடித்த தண்ணீர் மூன்றும் சேர்ந்து இறக்கியது அது. மாத்திரையை எடுத்ததும் ஏறியது. இப்படிப்பட்டவருக்கு 'உப்பு குறைஞ்சிருக்கு' என்று ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைத் தினமும் குடிக்கச் சொல்வது கொதிப்பைத்தான் ஏற்றும். அதில் மெக்னீசியம் துளிகூடக் கிடையாது.

அதே அடுப்படியில் இன்னொருவர்

இவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர் கடையின் பரோட்டா மாஸ்டர், 26 வயது. போகிற போக்கில் "எனக்கும் இழுக்குது சார்" என்றார். சித்திரை, வைகாசி மாதங்களில் மட்டும், கல்லுக்கு முன்னால் நான்கைந்து மணி நேரம் நின்ற பிறகு, முன்கையிலும் அடிவயிற்றுத் தசையிலும் இழுப்பு. மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. தாகத்துக்குப் பானைத் தண்ணீர், குறைந்தது நான்கு லிட்டர் குடிக்கிறார். பனியன் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும் என்றார்.

இவருக்கு இரத்தமே எடுக்கவில்லை. வியர்வையில் ஒரு லிட்டருக்குப் பெரும்பாலும் 40 முதல் 60 மில்லிமோல் சோடியம் போகிறது, சிலருக்கு அதற்கும் மேல். பொட்டாசியம் 4 முதல் 8 மட்டுமே. மெக்னீசியம் கணக்கில் வைக்கும் அளவுக்கு இல்லை. உப்பும் தண்ணீரும் சேர்ந்து போன இடத்தில் தண்ணீரை மட்டும் ஊற்றினால், மிச்சமிருக்கும் உப்பு இன்னும் நீர்த்துப்போகும். 1920களில் இங்கிலாந்தின் வெக்கை மிகுந்த நிலக்கரிச் சுரங்கங்களில் ஹால்டேன், மாஸ் என்ற ஆய்வாளர்கள் கண்டது இதையேதான். நிறைய வியர்த்து நிறைய வெறும் தண்ணீர் குடித்த தொழிலாளிகளுக்கு இழுப்பு வந்தது, குடிநீரில் கொஞ்சம் உப்புப் போட்டதும் குறைந்தது.

இங்கே உணவு மாற்றமே முழு வைத்தியம். வேலைக்கு வருமுன் உப்புப் போட்ட நீராகாரமும் ஊறுகாயும். வேலை நேரத்தில் ஒரு லிட்டர் நீர்மோரில் அரைத் தேக்கரண்டி உப்பு, அதில் சுமார் 45 மில்லிமோல் சோடியம் வரும். மீதித் தாகத்துக்குத் தண்ணீர். இளநீர் குடித்தால் தவறில்லை, ஆனால் அதில் பொட்டாசியம்தான் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வை இழுப்புக்கு மோரில் உப்பு செய்யும் வேலையை அது செய்யாது. ஒரு வாரத்தில் இழுப்பு விட்டது என்று தொலைபேசியில் சொன்னார். மழைக்காலத்தில் இந்தக் கூடுதல் உப்பை நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறேன்.

இருவரையும் அடுத்தடுத்துப் பார்த்ததால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இழப்பு எந்த வழி என்பதை நோயாளியின் வாய்ச்சொல்லிலேயே கண்டுபிடிக்க முடிந்து, அந்த வழி வெயிலோடும் வேலையோடும் நின்றுவிடுவதாக இருந்தால், சாப்பாட்டால் சரிக்கட்டலாம். இரண்டு நாள் வயிற்றுப்போக்குக்குப் பின் வரும் இழுப்பும், விரதத்துக்குப் பின் வருவதும் இப்படித்தான். ஒன்றிரண்டு வாரத்தில் பலன் தெரிந்துவிடும். சிறுநீரகமோ குடலோ மாத்திரையால் ஒழுகிக்கொண்டிருந்தால் தட்டில் எதைச் சேர்த்தாலும் நிற்காது. கை மடங்குவது, உதடு மதமதப்பது, நெஞ்சு படபடப்பது, தசை பலம் குறைவது ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் சாப்பாட்டில் சோதித்துப் பார்த்து நாள் கடத்தக் கூடாது. சிறுநீரகம் கெட்டவர்கள் இன்னொரு பக்கம். அவர்களுக்கு இளநீரும், பொட்டாசியம் கலந்து விற்கும் 'குறைந்த சோடியம்' உப்பும், மெக்னீசியம் மாத்திரையும் உள்ளே தங்கி ஆபத்தாகும்.

மீதி இருந்த குரக்களி

நம் நோயாளிக்கு எல்லா அளவும் சரியான பிறகும் மாதத்தில் இரண்டு, மூன்று இரவு கெண்டைக்கால் பிடிக்கத்தான் செய்தது. இதை நான் எதிர்பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியவர்களில் இரவுக் குரக்களி வரும் பலருக்கு உப்புகள் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். நாளெல்லாம் நின்று தளர்ந்த தசையும் அதை இயக்கும் நரம்பும் செய்யும் கோளாறு அது. இப்படிப்பட்டவர்களுக்கு மெக்னீசியம் மாத்திரை கொடுத்து இஸ்ரேலில் 94 பேரிடம் ஒரு ஆய்வு நடந்து 2017இல் வெளிவந்தது. மெக்னீசியம் சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குரக்களி ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. மெக்னீசியம் குறைந்தவருக்குத்தான் மெக்னீசியம் மருந்து. மற்றவருக்கு அது காசுக்குப் பிடித்த கேடு என்பது என் கருத்து.

இரத்தத்தில் மெக்னீசியம் சரியாக இருந்தால் உடம்பிலும் சரி என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. உடம்பின் மெக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்த நீரில் இல்லை, மற்றதெல்லாம் எலும்பிலும் செல்களுக்குள்ளும். ஆனால் அதைச் சாக்காக வைத்து எல்லாருக்கும் மாத்திரை எழுதுவதற்குப் பதில், மருந்துப் பட்டியலைப் பார்ப்பது மேல்.

இவருக்குச் சொன்னது தூங்குமுன் கால் நீட்டல்தான். சுவரிலிருந்து ஓர் எட்டுத் தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாய வேண்டும். கெண்டைக்காலில் இழுவை தெரியும்போது பத்து விநாடி நிற்க வேண்டும், ஒவ்வொரு காலுக்கும் மூன்று தடவை. நெதர்லாந்தில் 55 வயதைக் கடந்தவர்களிடம் ஆறு வாரம் இரவில் நீட்டிப் பயிற்சி செய்யவைத்து 2012இல் வெளியிட்ட ஆய்வில் குரக்களி குறைந்தது. குரக்களி பிடித்துவிட்ட நேரத்தில் படுத்தபடியே முழங்காலை நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி இழுத்தால் விடும். கீழ்நோக்கி நீட்டி முறித்தால் இன்னும் இறுகும்.

ஐந்தாவது மாதம் மறுபடி வந்தார். தோள்பட்டை வலிக்கு வேறு ஒரு இடத்தில் மாத்திரை வாங்கியிருக்கிறார், கூடவே வழக்கம்போல் ஒரு பாண்டோபிரசோல் பட்டை. மூன்று வாரம் சாப்பிட்டிருந்தார். உதடு லேசாக மதமதத்ததும் அவரே சந்தேகப்பட்டு வந்துவிட்டார். மெக்னீசியம் 1.4. பட்டையை மட்டும் நிறுத்தினோம், ஊசி இல்லை, மாத்திரை இல்லை. பத்து நாளில் 1.8. முதல் தடவை தயசைடின் பங்கு எவ்வளவு, பாண்டோபிரசோலின் பங்கு எவ்வளவு என்று எனக்கிருந்த கொஞ்ச சந்தேகமும் இதில் தீர்ந்தது, ஏனென்றால் இந்தத் தடவை தயசைடு இல்லை. அவருடைய நோட்டின் முதல் பக்கத்தில், ஒவ்வாமை எழுதும் இடத்தில், அந்த வகை மாத்திரைகள் ஐந்தின் பெயரையும் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்: பாண்டோபிரசோல், ஒமெபிரசோல், ராபெபிரசோல், எசோமெபிரசோல், லான்சோபிரசோல். அடுத்த மெக்னீசியம் பரிசோதனை மூன்று மாதம் கழித்து.